தண்ணீர் கேட்கும் துப்பாக்கி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் 1863 ஜூலையில் மூன்று நாள் பெரும் போர் நடந்தது. உள்நாட்டுப் போரின் திருப்புமுனையான அந்தச் சண்டையை ஆர்வலர்கள் இன்றும் சீருடை அணிந்து நடித்துக் காட்டுகிறார்கள். குண்டு கிடையாது, மருந்தும் சத்தமும் புகையும் மட்டும்தான். ஆட்டம் முடிந்த மாலையில் கூடாரங்களுக்குப் பின்னால் அவர்கள் துப்பாக்கிக் குழலுக்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். இன்றைய துப்பாக்கி மட்டுமே பழகியவருக்கு இதைப் பார்த்தால் பதறும். இரும்புக்குள் தண்ணீரா?

காரணம் மருந்தில் இருக்கிறது. கருமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெள்ளைப் புகையாகப் பறப்பது ஒரு பகுதி; குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்வது மறுபகுதி. இந்தக் கசடில் பெரும்பங்கு பொட்டாசியம் உப்புகள். மழைக்காலத்தில் ஜாடியில் உப்பு கசிவதுபோல் இவையும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புழுக்கமான இரவாக இருந்தால், மறுநாள் காலையிலேயே குழலுக்குள் துரு எட்டிப்பார்க்கும்.

1884-இல் பிரான்சின் பால் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்தின் சங்கதி வேறு. நைட்ரோசெல்லுலோஸால் ஆன அது பெரும்பாலும் வாயுவாகவே மாறிவிடும். மிஞ்சும் சிறிதளவு கசடைக் கடையில் விற்கும் கரைப்பான் எடுத்துவிடும். பிறகு எண்ணெய் தடவினால் போதும். அதே கரைப்பானைக் கருமருந்துக் கசடின்மேல் ஊற்றிப் பயனில்லை. உப்பு பெட்ரோலிய எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். போதாக்குறைக்கு, எண்ணெயும் கசடும் சேர்ந்து தார்போல் இறுகிக்கொள்ளும்.

கெட்டிஸ்பர்கில் அதிகம் காணக்கிடைப்பது ‘ஸ்பிரிங்ஃபீல்டு 1861’ துப்பாக்கியின் நகல். 40 அங்குலக் குழல். அடிப்பக்கம் மூடியிருக்கும், வாய்ப்பக்கம் மட்டுமே திறப்பு. அடியில் பக்கவாட்டில் துளையுள்ள ஒரு சிறு குமிழ் உண்டு. ‘நிப்பிள்’ என்பார்கள். அதன்மேல் கேப் வைத்துச் சுத்தி தட்டினால், பொறி துளை வழியாக உள்ளே போகும். அழுக்கு அடைவதும் துரு தொடங்குவதும் அந்த மூலையில்தான். ஆகவே முதலில் நிப்பிளைக் கழற்றித் தனியே சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். குழலின் பக்கத்துளையை அடைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் ஊற்றி, வாயை மூடி, மேலும் கீழும் சாய்த்துக் கொட்ட வேண்டும். முதலில் மைபோலக் கறுப்பாக வரும். அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். கந்தகத்தின் வேலை அது. தெளிந்த தண்ணீர் வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கொதிநீர் சீக்கிரம் உலரும் என்று சிலர் அதையே ஊற்றுவார்கள். சூடேறிய இரும்பில் கண்ணெதிரே மெல்லிய செந்துரு படரக்கூடும் என்பதால் வெதுவெதுப்பே என் தேர்வு.

பிறகு உலர்ந்த துணித் துண்டுகளைக் கம்பியில் மாட்டி, ஈரம் துளியும் இல்லாதபடி துடைத்த பின்பே எண்ணெய். அதுவும் மெல்லிய பூச்சுதான். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயையும் துடைத்து, மருந்திடாமல் வெறும் கேப்பை ஓரிரு முறை வெடிக்க வேண்டும். வாயருகே கிடக்கும் புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் துளையில் எண்ணெயோ அழுக்கோ நிற்கிறது.

அந்த அடைப்பு அற்ப விஷயமல்ல. கேப் மட்டும் வெடித்து, மருந்து பற்றாமல் போனதை ஆரவாரத்தில் கவனிக்காதவர் அதன்மேலேயே இன்னொரு மருந்தைக் கொட்டிவிடுவார். 1863-இல் போர் முடிந்து களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 மருந்திட்ட நிலையிலேயே கிடந்தன. பாதியில் இரட்டை மருந்து இருந்ததாம். அதனால்தான் நடிப்புக்கு முன்னும் பின்னும் சோதனை நடக்கிறது. இரும்புக் கம்பியைக் குழலுக்குள் நழுவவிட்டால் ‘கணீர்’ என்று ஒலிக்க வேண்டும். ‘தொப்’ என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. சண்டைக் காட்சியின் நடுவே அந்தக் கம்பியை எடுக்கவே பல குழுக்கள் விடுவதில்லை. குழலுக்குள் மறந்துவிட்டால், சுடும்போது அதுவே ஈட்டியாகப் பாயும்.

கருமருந்துக்குச் சிறு பொறி போதும். திறந்த வெளியிலும் குப்பென்று பற்றும். குழலில் கங்கு மிஞ்சியிருக்கலாம். எனவே மருந்துக் குடுவையிலிருந்து நேரே ஊற்றக் கூடாது. முன்கூட்டியே அளந்து காகிதத்தில் சுருட்டிய மருந்தைத்தான் ஒவ்வொரு தடவையும் இட வேண்டும். புகையற்ற மருந்தை இந்தத் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தில் குழல் வெடித்துச் சிதறலாம்.

சுத்தம் செய்த மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.