காம்பு வெடிப்பு: தொடக்கம் குழந்தையின் வாயில்

பிரசவமான முதல் வாரத்தில், தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் பலருக்கு முலைக்காம்பில் ஓரளவு வலி இருக்கும். குழந்தை சப்பத் தொடங்கியதும் சுரீரென்று வலிக்கும். அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ அடங்கிவிடும். இது இயல்பானது, சில நாட்களில் தானே குறையும். குழந்தை குடித்து முடிக்கும்வரை விடாத வலியும், தோல் உரிவதும், வெடிப்பும், ரத்தக் கசிவும் அப்படியல்ல. ‘முதல் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டிய வலி அல்ல அது. பெரும்பாலும் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தில் குறை இருப்பதையே அது காட்டுகிறது. அந்தக் குறை சரியாகாதவரை எந்தக் களிம்பைப் போட்டாலும் புண் முழுதாக ஆறாது.

வெடிப்பு எப்படி வருகிறது

நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தால் முன்பகுதி கெட்டியாகவும், பின்னே போகப்போக மென்மையாகவும் இருப்பது தெரியும். குழந்தையின் வாயும் அப்படித்தான். காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனால், காம்பின் நுனி அந்த மென்மையான பகுதியை ஒட்டிப் போய்ச் சேரும். அங்கே அதை நசுக்க எதுவும் இல்லை. காம்பை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் கெட்டி அண்ணத்துக்கும் நடுவில் ஒவ்வொரு சப்பலுக்கும் அது நசுங்கும். பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும் என்பதால், ஒரே இடம் திரும்பத் திரும்ப நசுங்கி இரண்டு மூன்று நாளிலேயே வெடித்துவிடும்.

குழந்தை வாயை எடுத்த உடனே காம்பைப் பார்த்தால் பற்றுதல் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். நன்றாகப் பற்றியிருந்தால் காம்பு சற்று நீண்டு, உருண்டையாகவே இருக்கும். மேலோட்டமாகப் பற்றியிருந்தால் புதிய லிப்ஸ்டிக்கின் முனைபோல் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாகியிருக்கும். சில நேரம் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். அந்தக் கோடு விழும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு வருகிறது.

மேலோட்டமாகப் பற்றும் குழந்தையால் பாலையும் சரியாக இழுக்க முடியாது. நெடுநேரம் சப்பும், ஆனால் விழுங்கும் ஓசை அவ்வளவாகக் கேட்காது. வெகுநேரம் குடித்த பிறகும் மார்பு கனமாகவே இருக்கும். புண்ணும் பால் கட்டிக்கொள்வதும் பல தாய்மாருக்குச் சேர்ந்தே வருவதற்கு இது ஒரு காரணம்.

பற்றுதலைத் திருத்துவது

முதலில் தாய் நன்றாகச் சாய்ந்து, முதுகுக்கும் கைக்கும் தலையணை வைத்து உட்கார வேண்டும். குழந்தையை நோக்கி மார்பைக் குனிந்து கொண்டுபோகாமல், குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்துக் கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்க விடாமல், முழு உடம்பும் தாயின் பக்கம் திரும்பி, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும்.

தொடங்கும்போது காம்புக்கு நேராக இருக்க வேண்டியது குழந்தையின் மூக்கு, வாய் அல்ல. காம்பால் மேலுதட்டை லேசாகத் தொட்டால் குழந்தை தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும். வாய் பாதி திறந்த நிலையில் காம்பைத் திணிக்கக் கூடாது. முழுதாகத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். திறந்ததும் குழந்தையை முதுகோடும் தோளோடும் சேர்த்துச் சட்டென்று மார்போடு அணைக்க வேண்டும். முதலில் மோவாயும் கீழுதடும் கருவட்டத்தின் கீழ்ப்பகுதியில் பதியும். பிறகு காம்பு மேலண்ணத்தை நோக்கி உள்ளே போகும். பின்மண்டையைப் பிடித்து அழுத்தினால் குழந்தை திமிறிப் பின்னுக்கு இழுக்கும். அதனால் கையைக் கழுத்தின் அடியிலும் தோளிலும் வைப்பது நல்லது.

மார்பைத் தாங்கிப் பிடிப்பதாக இருந்தால் விரல்கள் கருவட்டத்துக்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே காம்பைப் பிடித்து வாயில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த விரல்களே கருவட்டம் உள்ளே போகாமல் தடுத்துவிடும்.

சரியாகப் பற்றிய குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும். கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது. முதலில் வேகவேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் நிதானமாக ஆழ்ந்து குடித்து விழுங்கும். ஒரு நிமிடம் தாண்டியும் வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அப்படியே இழுத்தால் புண் இன்னும் கிழியும். சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில், ஈறுகளுக்கு நடுவே நுழைத்தால் பிடி தளரும். அதன் பிறகு எடுக்கலாம்.

ஒரு மாதிரி நிலை

சிசேரியனுக்குப் பின் ஐந்தாம் நாள் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு மார்பும் கல்லாகக் கனக்கின்றன. வலது காம்பில் ஆழமான வெடிப்பு. தையல் வலிக்குப் பயந்து குழந்தையை மடியில் மல்லாத்தி வைத்து, குனிந்தபடி கொடுக்கிறார். பால் நிறைந்து கருவட்டம் விறைத்திருப்பதால் குழந்தையின் வாய் வழுக்கிக் காம்போடு நின்றுவிடுகிறது.

இங்கே திருத்த வேண்டியவை இரண்டு. முதலாவது, விறைப்பு. குழந்தையைப் பற்றவைக்கும் முன் காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, மார்பின் உட்புறம் நோக்கி ஒரு நிமிடம்போல மெதுவாக அழுத்தினால் கருவட்டத்திலுள்ள நீர் பின்னுக்கு நகர்ந்து அந்த இடம் இளகும். கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சினாலும் இளகும். இரண்டாவது, குழந்தையை வைத்திருக்கும் விதம். குழந்தையைத் தாயின் பக்கவாட்டில், அக்குளுக்கு அடியில், கால்கள் பின்பக்கம் நீளும்படி தலையணை மேல் வைத்தால் வயிற்றுத் தையலில் பாரம் விழாது. குழந்தையின் வாயும் தாயின் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

குறைவாக வலிக்கும் இடது பக்கத்தில் முதலில் கொடுத்தால், பசி சற்று அடங்கிய குழந்தை வலது பக்கத்தில் மென்மையாகச் சப்பும். அதையும் தாங்க முடியாவிட்டால் வலது பக்கத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு கொடுக்கலாம். ஆனால் குழந்தை குடிக்கும் நேரங்களிலெல்லாம் அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் எடுத்தே ஆக வேண்டும். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிய வேண்டும். தோலில் தேய்க்கக் கூடாது. எடுத்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். ரப்பர்க் குமிழ் வைத்த பம்பைச் சுத்தம் செய்வது கடினம்; அதைத் தவிர்ப்பது நல்லது.

பற்றுதல் சரியானால் வலி அப்போதே குறையத் தொடங்கும். வெடிப்பு ஆறச் சில நாட்கள் முதல் ஒன்றிரண்டு வாரங்கள் வரை ஆகலாம். நாளுக்கு நாள் வலி குறைகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

புண்ணைக் கவனிப்பது

ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பின் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடலாம். சுத்திகரித்த லானோலின் களிம்பையும் மெலிதாகத் தடவலாம். மறுமுறை கொடுக்கும் முன் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. சோப்பும் ஸ்பிரிட்டும் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்து வெடிப்பை அதிகமாக்கும். தினசரிக் குளியலில் நீர் பட்டாலே போதும். நனைந்த துணியையோ பேடையோ உடனே மாற்ற வேண்டும். தேன் தடவக் கூடாது; ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஆபத்தானது.

வெடிப்பிலிருந்து கசியும் ரத்தத்தை விழுங்கிய குழந்தை ரத்தக் கோடுகளுடன் பாலைக் கக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. தாய்க்கு வெடிப்பே இல்லாதபோது அப்படிக் கக்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் சி உள்ள தாய்க்கு ரத்தம் கசிந்தால், அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பற்றுதல் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். குழந்தையின் நாக்கு அடியில் கட்டுண்டு நீள முடியாமல் இருக்கலாம். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமும், தாய்க்குக் காம்பில் எரிச்சலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஒரு காம்பில் மட்டும் சொறிபோல் வந்து வாரக்கணக்கில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

பால் கட்டினால்

மார்பின் ஓரிடத்தில் மட்டும் தொட்டால் வலிக்கும் கட்டி தோன்றி, காய்ச்சல் இல்லாமல், உடம்பு மற்றபடி நன்றாக இருந்தால் பால் நாளத்தில் அடைப்பு என்று கொள்ளலாம். நாளத்துக்குள் கட்டிப்பால் ஒன்று சிக்கியிருப்பதாகவும், அதை அழுத்தி வெளியே தள்ள வேண்டும் என்றும் முன்பு கருதினார்கள். சுற்றியுள்ள திசு வீங்கி நாளத்தை நெருக்குவதே முக்கியக் காரணம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. அதனால் கட்டியைப் பலமாக உருவிவிட்டால் வீக்கம்தான் கூடும். வழக்கம்போல் பால் கொடுத்து, இடையில் துணியில் சுற்றிய ஐஸை ஒற்றிக்கொடுத்து, மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ எடுத்தால் போதும். மார்பைக் ‘காலி’ செய்வதாக நினைத்து அளவுக்கு மீறிப் பால் எடுத்தால் சுரப்பு இன்னும் கூடும். காம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தக் கூடாது. ஓரிரு நாளில் கட்டி கரையத் தொடங்க வேண்டும்.

தொற்றின் அடையாளங்கள்

ஆறாத வெடிப்பு கிருமிகள் நுழைய வழிவிடும். காம்பில் மஞ்சள் பொருக்கு, சீழ், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை புண்ணிலேயே தொற்று வந்திருப்பதைக் காட்டும். தொற்று உள்ளே பரவினால் மார்பின் ஒரு பகுதி சூடாகி, இறுகி, சிவந்துவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால் சூட்டையும் தோலின் பளபளப்பையும் பார்க்க வேண்டும். 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி எல்லாம் சேரும். வீக்கம் மட்டுமே இருந்தாலும் காய்ச்சல் வரலாம். ஆனால் 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, நிலைமை மோசமானாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் வழக்கமாக 10 முதல் 14 நாட்களுக்குத் தருவார்கள். வலி போனதும் பாதியில் நிறுத்தக் கூடாது.

இந்த நேரத்தில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது; திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கி நிலைமை மோசமாகலாம். மருந்து தொடங்கி இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் விடாமல், கட்டி ஓரிடத்தில் திரண்டு, தொட்டால் உள்ளே நீர் தளும்புவதுபோல் இருந்தால் சீழ் கட்டியிருக்கலாம். ஸ்கேன் செய்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். அதன் பிறகும் பெரும்பாலும் பால் கொடுக்கலாம். மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, மயக்கம், மனக்குழப்பம், சிறுநீர் குறைவது ஆகியவை தொற்று ரத்தத்தில் பரவியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று ஆறிய பிறகும் கரையாமல் நிற்கும் கட்டியைப் பால் கட்டி என்று விட்டுவிடாமல் ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும்.