தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் எப்போது?

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கிறோம். டான்சில் சிவந்து வீங்கியிருக்கிறது. மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "சீழ் வைத்துவிட்டது, ஆன்டிபயாடிக் போட்டால்தான் அடங்கும்" என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறோம். ஆனால் அந்த வெள்ளைத் திட்டு, கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களும் இறந்த செல்களும் சேர்ந்து படிந்த கசடு. வைரஸ் வந்தாலும் அது படியும், பாக்டீரியா வந்தாலும் படியும். வந்தது எது என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல, அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது.

பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸ் வேலைதான். பாக்டீரியாவால் வருவது ஏறக்குறைய பத்தில் ஒன்று. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அது பத்தில் இரண்டு, மூன்று வரை போகும். அந்தப் பாக்டீரியாக்களிலும் நாம் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆகவே நம் கேள்வி, 'இது ஸ்ட்ரெப் தொண்டையா, இல்லையா?' என்பதுதான்.

இதற்கு அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டார் 1981-இல் ஓர் எளிய வழி சொன்னார். தனியாக எதையும் நிரூபிக்காத நான்கு அறிகுறிகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் அந்த வழி. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வீக்கம் அல்லது வெள்ளைத் திட்டு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டு, இருமல் இல்லாமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கனடாவின் மெக்ஐசாக் 1998-இல் இதில் வயதையும் சேர்த்தார்: 3 முதல் 14 வயது வரை ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும், 45 வயதோ அதற்கு மேலோ என்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

நான்கில் வியப்பானது கடைசி அறிகுறி. இல்லாத ஒன்று எப்படித் தடயமாகும்? சளி வைரஸ்கள் தொண்டையோடு நிற்பதில்லை. மூக்கு, குரல்வளை, சில நேரம் கண் வரை பரவுகின்றன. அதனால் மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு எல்லாம் கூடவே வருகின்றன. ஸ்ட்ரெப்போ பெரும்பாலும் தொண்டையிலேயே குடியிருக்கும். திடீரென்று வலி, காய்ச்சல். மூக்கிலும் நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. தொண்டை வலியோடு இருமலும் மூக்கொழுகலும் இருந்தால், பெரும்பாலும் வைரஸ்தான் என்று நிம்மதியாக இருக்கலாம்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தொண்டை வலி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 38. முதலில் மூக்கு ஒழுகியது, பிறகு இருமல். காய்ச்சல் 99.5. தொண்டை சிவந்திருக்கிறது, நெறிகட்டு இல்லை. மதிப்பெண் பூஜ்யம். பரிசோதனையும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். பாராசிட்டமால், உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிப்பு, ஓய்வு போதும்.

மகளுக்கு எட்டு வயது. நேற்று மாலை வரை விளையாடிக்கொண்டிருந்தாள். இரவில் 102 டிகிரி காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே வலி, ஒரு முறை வாந்தியும் எடுத்தாள். இருமல் இல்லை. தாடைக்குக் கீழே தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறாள். டான்சிலில் வெள்ளைத் திட்டு. நான்கு அறிகுறிக்கு நான்கு, வயதுக்கு ஒன்று. ஆக ஐந்து, முழு மதிப்பெண். இவளுக்கு ஸ்ட்ரெப் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். இந்தக் கணக்கு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்வது கீழ்ப்பக்கத்தில்: யாருக்கு ஸ்ட்ரெப் இல்லை என்று நம்பலாம் என்பதை நன்றாகச் சொல்கிறது. யாருக்கு உறுதியாக இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே மகளுக்குப் பரிசோதனை தேவை. டான்சிலில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, விரைவுப் பரிசோதனை செய்தால் சில நிமிடங்களில் விடை வரும். அந்த வசதி இல்லாத இடத்தில் 'த்ரோட் கல்ச்சர்' செய்யலாம். ரத்தம் கலந்த ஊட்டத் தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். ஸ்ட்ரெப் இருந்தால் அது சுற்றியிருக்கும் சிவப்பணுக்களைக் கரைத்துவிட, சிவப்புத் தட்டில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தெளிந்த வளையம் விழும். இதற்கு ஒன்று, இரண்டு நாள் ஆகும்.

'இரண்டு நாள் காத்திருந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடாதா?' என்று பெற்றோர் பதறுவார்கள். அதற்கு விடை, ஆன்டிபயாடிக் எதற்குத் தருகிறோம் என்பதில் இருக்கிறது. தொண்டை வலி மருந்தில்லாமலே பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் போய்விடும், ஸ்ட்ரெப்பாக இருந்தாலும். ஆன்டிபயாடிக் அந்தக் காலத்தை ஒரு நாளைப் போலக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் பெரிய வேலை இதயத்தைக் காப்பது. ஸ்ட்ரெப்பின் மேலுறையில் உள்ள எம் புரதம், நம் இதயத் தசையின் புரதத்தைச் சாயலில் ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பாற்றல் சிலருக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து, சொந்த இதயத்தையே தாக்கத் தொடங்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் அதிகம் வருவது, வால்வுகளை வாழ்நாளுக்கும் கெடுத்துவிடக் கூடியது. இந்தியாவில் இன்னும் ஒழியாதது.

வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். எனவே, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு நாள் இதயத்துக்கு இழப்பில்லை. ஆனால் பரிசோதனைக்கே வழியில்லாத ஊரில், ருமாட்டிக் காய்ச்சல் பரவலாக உள்ள பகுதியில், இந்த மகளைப் போன்ற பிள்ளைக்கு மருத்துவர் நேரடியாகச் சிகிச்சை தொடங்குவதும் நியாயமே. முன்பே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொன்ன தடுப்பு ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லூரி வயதில் ஒரு பொறி உண்டு. காய்ச்சல், டான்சில் முழுக்க வெள்ளை, கழுத்தின் பின்பக்கமும் நெறிகட்டு, எழுந்து நடக்கவே முடியாத அசதி என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸாக இருக்கலாம். அதை ஸ்ட்ரெப் என்று நினைத்து அமாக்சிசிலின் கொடுத்தால், பலருக்கு உடம்பெங்கும் சிவந்த தடிப்பு கிளம்பும். பிறகு 'பென்சிலின் ஒவ்வாமை' என்று தவறாக எழுதப்பட்டு, நல்ல மருந்தொன்று காலமெல்லாம் கைவிட்டுப் போகும்.

எந்தக் கணக்கும் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, வாயைத் திறக்க முடியாதது, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மட்டும் பெரிதாக வீங்கிக் குரல் குழறுவது, சாம்பல் நிறத் தோல் போன்ற படலம் தொண்டையில் ஒட்டியிருப்பது. கடைசியாகச் சொன்னது தொண்டை அடைப்பானாக இருக்கலாம்.

மகளுக்கு ஸ்ட்ரெப் என்று உறுதியானால் என்ன மருந்து? ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பென்சிலின், அல்லது அதன் உறவான அமாக்சிசிலின், பத்து நாள். மூன்றாம் நாளே துள்ளி விளையாடினாலும் பத்து நாளும் கொடுக்க வேண்டும். தொண்டையிலிருந்து கிருமியை முழுதாக அகற்ற அவ்வளவு நாள் தேவை. இத்தனை காலம் ஆகியும் ஏ பிரிவு ஸ்ட்ரெப், சிகிச்சையைத் தோற்கடிக்கும் அளவுக்குப் பென்சிலினை எதிர்க்கக் கற்கவில்லை. அசித்ரோமைசினை எதிர்க்கும் ஸ்ட்ரெப் வகைகளோ பல நாடுகளில் பெருகிவிட்டன. அந்த மூன்று மாத்திரை, அப்பாவின் வைரஸுக்குப் பயன்படாது. மகளின் ஸ்ட்ரெப்புக்கு, பென்சிலின் ஒவ்வாமை இருந்தாலொழிய, அது முதல் மருந்தும் இல்லை.