இன்ஸ்டாகிராமில் எந்த நேரத்தில் படம் போடுவது?

எங்கள் தையல் பயிற்சியில் படித்த சகோதரி ஒருவர் வீட்டிலேயே புர்காவும் மக்கனாவும் தைத்து விற்கிறார். இன்ஸ்டாகிராமில் அவர் கடையை 412 பேர் பின்தொடர்கிறார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு, பிள்ளைகள் எழுவதற்குள் கிடைக்கும் அரை மணி நேரத்தில்தான் அவர் படம் போடுவார். விசாரிப்போ வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். துணி கடனுக்கு எடுத்தது. தைத்தவை அலமாரியில் கிடந்தன. விலையைக் குறைத்துவிடட்டுமா என்று கேட்டு வந்தார். விலையில் கை வைக்கும் முன் நேரத்தைப் பார்ப்போம் என்றோம்.

அவருடையது சாதாரணக் கணக்கு. அமைப்புகளில் போய் அதை Professional account ஆக மாற்றினோம். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு போடும் பதிவுகளுக்குத்தான் விவரம் கிடைக்கும், பழைய படங்களுக்குக் கிடைக்காது. ஆகவே சில நாட்கள் காத்திருந்தோம். பிறகு Insights பகுதியில் பின்தொடர்பவர்கள் பற்றிய பக்கத்தைத் திறந்தால், கீழே Most active times என்று இருக்கும். நூறு பேராவது பின்தொடர்ந்தால்தான் இது தெரியும்.

அங்கே நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் பட்டைகள் இருக்கும். இவருக்கு நாட்களில் பெரிய வித்தியாசமே இல்லை. ஏழு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். மணியில்தான் விஷயம் இருந்தது. காலை ஆறு மணிப் பட்டை மிகக் குட்டை. பிற்பகல் மூன்று மணிப் பட்டை ஓரளவு உயரம். இரவு ஒன்பது மணிதான் எல்லாவற்றிலும் உயரம்.

உடனே இரவு ஒன்பதுக்குப் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பட்டை சொல்வது, அந்நேரத்தில் இத்தனை பேர் இன்ஸ்டாகிராமில் இருந்தார்கள் என்பதை மட்டுமே. உங்கள் படத்தைப் பார்த்தார்கள் என்றோ வாங்கும் எண்ணத்தில் இருந்தார்கள் என்றோ அது சொல்லாது. ஆகவே இரண்டு நேரங்களையும் சோதித்துப் பார்த்தோம்.

நான்கு வாரம், திங்களும் வியாழனும், மொத்தம் எட்டுப் பதிவுகள். ஒரு வாரம் திங்கள் பிற்பகல் 2.30, வியாழன் இரவு 8.30, மறு வாரம் அதை அப்படியே மாற்றிப் போட்டோம். எல்லாமே ஒரே மாதிரி படம், விலை எழுதியது. நேரத்தைத் தவிர வேறெதையும் மாற்றினால், எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிவையும் சரியாக 48 மணி நேரம் கழித்து, எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று பார்த்து நோட்டில் எழுதினார். பக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் வந்த விசாரிப்பையும் எழுதச் சொன்னோம்.

பிற்பகல் பதிவுகள் 118, 131, 109, 126 பேரைச் சென்றடைந்தன. இரவுப் பதிவுகள் 163, 149, 312, 158. அந்த 312-ஐப் பார்த்து அவர் பூரித்துப்போனார். விசாரித்தால், அவருடைய மச்சி அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் பகிர்ந்திருந்தார்! சிறிய கடைக்கு இப்படி ஒருவர் பகிர்ந்தாலே கணக்கு குலைந்துவிடும். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இரவுதான் முந்தி நின்றது.

விசாரிப்பு வேறு கதை சொன்னது. பிற்பகல் பதிவுகளுக்குப் பதினொன்று, அதில் நான்கு ஆர்டர். இரவுக்கு ஐந்துதான், ஆர்டர் ஒன்றுகூட இல்லை. நோட்டைப் புரட்டியபோது காரணம் பாதி புரிந்தது. இரவில் கேட்டவர்களுக்கு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைத்துவிட்டு மறுநாள்தான் பதில் போயிருக்கிறது. பிற்பகலில் கேட்டவர்களுக்கு உடனுக்குடன் போயிருக்கிறது. ஆகவே நேரம்தான் காரணமா, தாமதம்தான் காரணமா என்று இந்த எட்டுப் பதிவை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அவரால் பதில் சொல்ல முடிகிற நேரம் பிற்பகல்தான் என்பது நிச்சயம். விற்பனைப் படம் திங்கள், வியாழன் 2.30-க்கு என்று முடிவானது. இரவில் ஸ்டோரி மட்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், ஆள் அதிகமாக இருக்கும் நேரம் அதற்குத்தான் அதிகம் உதவும். சாதாரணப் பதிவை மறுநாளும் பார்ப்பார்கள்.

வளைகுடாவில் உறவினர்கள் பலர் பின்தொடரும் கடைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரமும் சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர்கள் எத்தனை சதவீதம் என்பதும் அதே பக்கத்தில் தெரியும். இரவுப் பட்டையை உயர்த்துவது அவர்களாக இருந்து, நீங்கள் உள்ளூரில் மட்டும் விற்பவர் என்றால், அந்த உயரத்தால் உங்களுக்குப் பயனில்லை.

ரமளானில் இந்தக் கணக்கு அப்படியே மாறும். தராவீஹுக்குப் பிறகும் ஸஹர் நேரத்திலும் விழித்திருப்பவர்கள் அதிகம். மற்ற மாதங்களில் எடுத்த முடிவை நோன்பு மாதத்துக்கு நீட்டாமல், முதல் வாரத்திலேயே பட்டைகளை மறுபடி பாருங்கள். பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். அந்தச் சகோதரி இப்போது விலையைக் குறைக்கவில்லை. நோட்டில் அடுத்த நான்கு வாரத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த முறை இரவில் பதில் சொல்லும் பொறுப்பை மூத்த மகள் ஏற்றிருக்கிறாள்.