ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தலப்படத்தில் ஓடை இருக்கிறது, அம்புக்குறி இல்லை. வடக்கே ஓடுகிறதா, தெற்கே ஓடுகிறதா என்று எப்படிச் சொல்வது?"

அகலமான பாத்திரத்தில் களிமண்ணைக் குன்றுபோல் குவியுங்கள். உச்சியிலிருந்து அடிவரை விரலால் ஒரு பள்ளம் இழுங்கள், அதுதான் ஓடை. ஒரு விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறுங்கள். மேலும் ஒரு விரற்கடை ஊற்றி மறுபடி கீறுங்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு சம உயரக் கோடு. பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் நீர் உள்ளே புகுந்து, உச்சியை நோக்கி நாக்கு நீட்டியிருக்கும். ஆகவே ஓடையைக் கடக்கும் கோட்டின் கூர்முனை காட்டுவது மேட்டை. ஓடை பாய்வது அதற்கு எதிர்த்திசையில். பலர் கூர்முனையை அம்பு என்று நினைத்துத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். இரண்டு பள்ளங்கள் இழுத்தால் நடுவில் நிற்கும் முகட்டில் கோடு வெளியே பிதுங்கும்; அது மலைக்கிளை. எந்தக் கீறலும் படாமல் நிற்கும் மொட்டை உச்சியையும் பாருங்கள். கடைசிக் கோடு 340 மீட்டர், இடைவெளி 20 மீட்டர் என்றால் உச்சி 340-க்கும் 360-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அதற்குமேல் கோடுகள் சொல்லாது.

இந்தக் கோடுகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1774-ல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை அளந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட முயன்றார்கள். குவிந்த உயர அளவுகளைச் சமாளிக்க, சம உயரப் புள்ளிகளை இணைத்தார் சார்லஸ் ஹட்டன். வரலாறு இவ்வளவு போதும்.

சரிவுக்கு வருவோம். அளவை 1:50,000 என்றால் படத்தில் 2 செ.மீ., தரையில் 1 கி.மீ. இரண்டு இடங்களுக்கு நடுவே 3 செ.மீ. இருந்தால் தொலைவு 1,500 மீட்டர். ஓரிடம் 400 மீட்டர் கோட்டிலும் மற்றது 600 மீட்டர் கோட்டிலும் இருந்தால் ஏற்றம் 200 மீட்டர். 200-ஐ 1,500-ஆல் வகுத்தால், ஏழரை மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏற்றம். ஆனால் சுருக்கி எடுத்த ஒளிநகலில் 1:50,000 என்ற எழுத்து பொய்யாகிவிடும். அடியில் உள்ள கோட்டு அளவை படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால், அதை வைத்து அளப்பதே சரி.

கைப்பேசி முப்பரிமாணப் படம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பவர்களை நான் ஏற்பதில்லை. எடுப்பாகத் தெரிவதற்காக உயரத்தை மிகைப்படுத்தும் காட்சிகள் உண்டு. அவற்றைப் பார்த்துச் சரிவை எண்ணாகச் சொல்ல முடியாது.

குறிவிளக்கத்தில் ஒன்றே ஒன்று. இந்திய நில அளவைத் துறைப் படங்களில் ஏரிக்கரை அருகே 5 என்ற எண்ணோடு சிறிய ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால், அது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் அல்ல. பக்கத்துத் தரையைவிடக் கரை 5 மீட்டர் உயரம் என்று பொருள்.