பொன்னுக்கு வீங்கி விடுமுறை: 5 நாளா, 21 நாளா?

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அதற்குள் பதில் சொல்லுங்கள் என்று பெற்றோர் எழுதிய கடிதங்கள் இந்த வாரம் நிறைய வந்தன. கூடவே வந்த சுற்றறிக்கைகளின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். சில மாணவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டிருப்பதால் முன்னெச்சரிக்கையாக 5 நாள் விடுமுறை. காய்ச்சலோ கன்னத்தில் வீக்கமோ இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மற்றவர்கள் வழக்கம்போல் வரலாம். ஆனால், 2025 தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் இதே நோய்க்காக ஒரு தொடக்கப் பள்ளியை 21 நாள் மூடினார்கள். நோய் ஒன்று, விடுமுறை மட்டும் ஏன் வேறு வேறு என்பதுதான் பலருடைய கேள்வி.

பொன்னுக்கு வீங்கி எப்படி இருக்கும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது இந்தக் கிருமியின் நாட்கணக்கு. சுற்றறிக்கையில் இருக்க வேண்டியதும் அதுதான், இல்லாததும் அதுதான்.

கிருமி உடலுக்குள் போன நாளுக்கும் கன்னம் வீங்கும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். சிலருக்கு 12 நாளிலேயே வீங்கிவிடும், சிலருக்கு 25 நாள்வரை இழுக்கும். இந்த இடைவெளியில் பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த கணக்குதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வீக்கம் தெரிவதற்கு 2 நாள் முன்பே அந்தப் பிள்ளையின் எச்சில், இருமல், தும்மல் வழியாகக் கிருமி மற்றவர்களுக்குப் போகத் தொடங்கிவிடும். வீங்கியபின் 5 நாள்வரை அது தொடரும்.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஜூன் 11 அன்று ஒரு மாணவிக்குக் கன்னம் வீங்குகிறது. அப்படியானால் 9, 10 தேதிகளில் அவள் நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் கிருமியைப் பரப்பிக்கொண்டும் இருந்தாள். பக்கத்து இருக்கைத் தோழிக்கு 9-ஆம் தேதி தொற்றியது என்று வையுங்கள். பள்ளி 12 முதல் 16 வரை 5 நாள் மூடப்படுகிறது. 17-ஆம் தேதி திறக்கும்போது தோழிக்கு எந்த அறிகுறியும் இல்லை. மிகச் சீக்கிரம் என்றாலும் 21-ஆம் தேதிக்கு முன் அவளுக்கு வீங்காது. புதிதாக யாருக்கும் இல்லை, நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று பள்ளியும் சொல்லும், அதிகாரிகளும் சொல்வார்கள். பிறகு 25-ஆம் தேதி வாக்கில் தோழிக்கு வீங்கும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவள் வகுப்பில் உட்கார்ந்து தன் பங்குக்குப் பரப்பியிருப்பாள்.

அந்த 5 நாள் விடுமுறை முழுவதும், தோழி யாருக்கும் பரப்ப முடியாத நாட்களில் வந்து முடிந்துவிட்டது. அவளை வீட்டில் வைத்திருக்க வேண்டிய நாட்களிலோ பள்ளி திறந்திருந்தது. இதை முன்னெச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. நோய் கண்ட பிள்ளை வீக்கம் தொடங்கியபின் 5 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சரியான மருத்துவ அறிவுரை. நோயாளிக்கான அந்த எண்ணைப் பள்ளி முழுமைக்குமான விடுமுறையாக யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

21 நாள் என்பது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட எண். ஜூன் 12 முதல் மூடினால் ஜூலை 2 வரை ஆகும், தோழி வீட்டிலிருக்கும்போதே வீங்கி, அடங்கியும் விடும். ஆனாலும் 25 நாள்வரை இழுக்கும் சிலரை 21 நாள் பிடிக்காது. அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் டியூஷனுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் போய்வந்தால், வகுப்பறையில் நடக்க வேண்டியது அங்கே நடக்கும். தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது கன்னமே வீங்காது என்பது இன்னொரு சிக்கல். வீக்கம் இருந்தால் அனுப்பாதீர்கள் என்ற வரி அவர்களைத் தொடவே தொடாது.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. நோயாளியை 5 நாள் வீட்டில் வைப்பார்கள்; தடுப்பூசி போடாத பிள்ளைகளை மட்டும், கடைசி நோயாளிக்கு வீங்கிய நாளிலிருந்து 25 நாள் வரவேண்டாம் என்பார்கள்; பள்ளி நடக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தடுப்பூசி போட்டிருப்பதால் அங்கே அது முடிகிறது. நம் நிலை அப்படியில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுவது எம்.ஆர். ஊசி, அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கியையும் தடுப்பது எம்.எம்.ஆர். அதைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று எழுதிய பெற்றோர் தயவுசெய்து அட்டையை எடுத்து, ‘எம்’ ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

இந்த நோயால் உயிர் போவது அபூர்வம் என்பதே எம்.எம்.ஆர். இலவசப் பட்டியலில் இல்லாததற்குச் சொல்லப்படும் காரணம். அபூர்வம் என்பது உண்மை. ஆனால், பருவமடைந்த பையன்களுக்கு விதை வீங்குவதும், மூளையுறை அழற்சி வருவதும், அரிதாக ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போவதும் உயிரிழப்புக் கணக்கில் வராது. லேசான நோய் என்று சுற்றறிக்கையில் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகள் கடிதத்தை இப்படி எழுதலாம்: ‘ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஒருவருக்கு ஜூன் 11 அன்று பொன்னுக்கு வீங்கி கண்டது. அன்றுவரை வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் கன்னத்தையும் தாடையையும் ஜூலை 6 வரை தினமும் பாருங்கள். வலியோ வீக்கமோ காய்ச்சலோ தெரிந்தால் அன்றே வகுப்பாசிரியருக்குச் சொல்லி, வீக்கம் தொடங்கியபின் 5 நாள் வீட்டில் வையுங்கள். புதிதாக யாருக்காவது வந்தால் தேதியை மாற்றி மறுபடி எழுதுவோம்.’ பெயர் சொல்ல வேண்டாம். தேதி சொன்னால் போதும். தேதி இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதையும் கணக்கிட முடியாது.

மற்ற கேள்விகள்:

இப்போது ஊசி போட்டால் பயனுண்டா? ஏற்கெனவே தொற்றியிருந்தால் தடுக்காது. அடுத்த முறைக்குக் காக்கும்.

இரண்டு தவணை போட்ட பிள்ளைக்கும் வருமா? வரலாம், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு, வந்தாலும் பெரும்பாலும் லேசாக இருக்கும்.

கர்ப்பிணித் தாய் எம்.எம்.ஆர். போடலாமா? கூடாது.

காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது? எடைக்கேற்ற பாராசிட்டமால், ஆஸ்பிரின் வேண்டாம்.

சாப்பாடு? கஞ்சி, இட்லி, மோர். எலுமிச்சை போன்ற புளிப்பு எச்சிலை ஊறவைத்து வலியைக் கூட்டும்.

கழுத்தில் தங்கச் சங்கிலி போடலாமா? கெடுதல் இல்லை, வீக்கத்தை வடிக்கவும் செய்யாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? கடுந்தலைவலியோடு கழுத்து விறைத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், விதை வலித்தால், காது கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால்.

தம்பியை வேறு பள்ளிக்கு அனுப்பலாமா? அக்காவுக்கு வீங்கியிருந்தால், அவனுக்கும் எம்.எம்.ஆர். போடவில்லையென்றால், அந்தப் பள்ளிக்கும் முதலில் தகவல் சொல்லுங்கள்.