25 அடிச் சுவருக்கு எத்தனை கிளாம்ப்?

எங்கள் வீட்டு மேற்குச் சுவர் 30 அடி நீளம். தரையிலிருந்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் முடியும்வரை 25 அடி உயரம். சாரல் அடித்து அடித்துப் பூச்சு பொத்துப்போயிருந்தது. கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். வாடகைக் கடையில் அளவைச் சொன்னதும், கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டு எழுதினார்: 20 அடி பைப் 25, கிளாம்ப் 60, பலகை 8.

சீட்டைப் பார்த்த மேஸ்திரி சிரித்தார். “சார், இதை வச்சு பந்தல் போடலாம். சாரம் கட்ட முடியாது.” பிறகு பூச்சு உதிர்ந்த சுவரிலேயே கரித்துண்டால் படம் போட்டுக் கணக்கு சொன்னார்.

முதல் கேள்வி, ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா என்பது. சவுக்குக் கம்புக் காலத்தில் ஒற்றை வரிசைதான் வழக்கம். குறுக்குக் கட்டையின் ஒரு முனையைக் கம்பில் கட்டி, மறுமுனையைச் சுவரில் விட்ட ஓட்டையில் செருகுவார்கள். செங்கல் கட்டும்போது அது சரி. எழும்பி நிற்கும் சுவரில் ஓட்டை போட்டால், பிறகு அடைத்த இடங்களெல்லாம் அடுத்த மழைக்குத் தனித்தனியாக ஊறித் தெரியும். ஆகவே இரட்டை வரிசை. உள்வரிசை சுவரிலிருந்து 10 அங்குலத்தில், வெளிவரிசை அதிலிருந்து மூன்றரை அடியில். பாரம் முழுவதும் பைப்பின் வழியாகத் தரைக்குப் போகும்.

நிற்கும் பைப்புகளை ஆறடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வைத்தால் வரிசைக்கு 6, மொத்தம் 12. ஆள் நின்று வேலை செய்யும் தட்டுகள் 6, 12½, 19 அடி உயரங்களில் வரும். மேல்தட்டில் நின்றால் கைப்பிடிச் சுவரின் உச்சி கைக்கு எட்டும். உள்வரிசைக்கு 20 அடி பைப் ஒன்று போதும். வெளிவரிசை, தடுப்புக் கம்பி தாங்குவதற்காக, 25 அடி வரை போக வேண்டும். அதனால் ஆறிலும் ஒட்டு வரும். அத்தனை ஒட்டும் ஒரே உயரத்தில் வந்தால் சாரம் அந்த இடத்தில் முழங்கால் மடக்கிவிடும். மூன்றில் 20-உம் 5-உம், மற்ற மூன்றில் 10-உம் 15-உம் என்று மாற்றி மாற்றி வைத்தார் மேஸ்திரி. ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தகடு, தகட்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. தோட்ட மண்ணில் வெறும் பைப்பை நிறுத்தினால் ஒரு மழைக்கே கால் இறங்கும்.

இனி கிளாம்ப். கடைக்காரரின் 60 எங்கே தீர்ந்தது தெரியுமா? சுவர் நீளத்துக்கு ஓடும் பைப்புகளிலேயே. தரையருகே 2 வரி, மூன்று தட்டுக்கும் இரண்டிரண்டாக 6, ஆள் விழாமல் தடுக்க வெளிப்பக்கம் 2. ஆக 10 வரி. ஒவ்வொரு வரியும் 6 நிற்கும் பைப்புகளைத் தொடுகிறது. தொடும் இடமெல்லாம் ஒரு கிளாம்ப். அறுபதும் போயிற்று. பலகையைத் தாங்கும் குறுக்குப் பைப் ஒன்றுகூட இன்னும் கணக்கில் வரவில்லை.

தரையருகிலும் மூன்று தட்டிலும் ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் ஒரு குறுக்குப் பைப் என்றால் 24. ஒன்றுக்கு இரு முனை, 48 கிளாம்ப். இதற்கு மேல் எத்தனை என்பதைப் பலகைதான் சொல்ல வேண்டும்.

பலகை ஒன்றரை அங்குலக் கனம், 9 அங்குல அகலம், 10 அடி நீளம். அகலத்துக்கு 4, நீளத்துக்கு 3, ஆக ஒரு தட்டுக்கு 12. பூச்சு வேலை மேலிருந்து கீழாக இறங்குவதால் பலகையும் கூடவே இறங்கும்; ஒரு தட்டுக்கு வாங்கினால் போதும். இந்தக் கனத்துக்கு ஐந்தடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடக் கூடாது, நடுவில் தொய்யும். கால்களின் இடைவெளியோ ஏறக்குறைய ஆறடி. அதைவிட ஆபத்து பலகை முனை. 10 அடிப் பலகை குறுக்குப் பைப்பைத் தாண்டி ஒன்றேகால் அடி துருத்திக்கொண்டு முடிந்தால், அந்த முனையில் காலை வைத்தவர் சீசாவில் ஏறியதுபோலக் கீழே போவார். முனை பைப்பைத் தாண்டி 2 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 6 அங்குலத்துக்கு மேல் போகவும் கூடாது. ஆகவே இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறுக்குப் பைப் வேண்டும். சந்திப்பு இரண்டு, அதற்கு 4. தொய்வைத் தடுக்கப் பலகை நடுவில் 3. இந்த 7-உம் பலகையோடு தட்டுக்குத் தட்டு மாறும். இன்னும் 14 கிளாம்ப். இரு ஓரங்களையும் அடைக்கும் தடுப்புக்கு 8.

இதுவரை சொன்னது சதுரம் சதுரமான கூடு. சதுரம் எளிதில் சாயும். வெளிமுகத்தில் 20 அடி பைப் நான்கைச் சாய்வாகப் போட வேண்டும். இரு ஓரத்திலும் நடுவிலும், உள்வரிசையையும் வெளிவரிசையையும் இணைத்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு சாய்வு, அவை 9. இங்கே ஃபிக்ஸட் கிளாம்ப் உதவாது, அது நேர்கோணத்தில் மட்டுமே பிடிக்கும். எந்தக் கோணத்துக்கும் திரும்பும் ஸ்விவல் கிளாம்ப் 30 தேவை. கடைச் சீட்டில் அது ஒன்றுகூட இல்லை.

25 அடி உயரம், மூன்றரை அடி அகலம். ஏழுக்கு ஒன்று. இப்படி ஒல்லியான கூடு சாய்வுப் பைப் போட்டாலும் தானாக நிற்காது. சுவரோடு பிணைக்க வேண்டும். நான் பார்த்த பல சாரங்களில் ஜன்னல் கிரில்லில் நைலான் கயிறு கட்டியிருப்பார்கள். கயிறு இழுத்தால் பிடிக்கும், சாரம் சுவர்ப் பக்கம் தள்ளினால் என்ன செய்யும்? எங்கள் மேஸ்திரி கிரில் கம்பிகளின் இடைவெளியில் 10 அடி பைப்பை உள்ளே விட்டார். பைப் 48 மில்லிமீட்டர்தான், தாராளமாக நுழைந்தது. அறைக்குள் சுவரை ஒட்டி, ஜன்னலைவிட நீளமான 5 அடி பைப்பைக் குறுக்கே பூட்டினார். வெளியே இரு வரிசைக் கால்களிலும் ஒவ்வொரு கிளாம்ப். கீழே இரண்டு ஜன்னல், மேலே இரண்டு, 12 கிளாம்ப். கைப்பிடிச் சுவரில் பிணைக்கலாமே என்றேன். “அது நாலரை அங்குலச் சுவர் சார். சாரம் சாஞ்சா அதையும் சேத்து இழுத்துட்டுப் போகும்.”

கூட்டினால் ஃபிக்ஸட் 142, ஸ்விவல் 30, பைப் ஒட்ட ஜாயின்ட் 16. பைப் 20 அடியில் 23, 15 அடியில் 3, 10 அடியில் 26, 5 அடியில் 42. பைப் மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். குட்டியானை இரண்டு நடை அடித்தது.

கிளாம்ப் மூட்டையைத் தரையில் கொட்டி மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நட்டைக் கையால் சுற்றும்போது மரை வழுக்கினால் ஒதுக்கு. வாய் விரிந்து, பைப்பில் மாட்டி முறுக்கிய பிறகும் சுத்தியால் தட்டினால் நகர்ந்தால் ஒதுக்கு. கீல் ஆணி தேய்ந்து ஆடினால் ஒதுக்கு. தகட்டை மடித்துச் செய்த லேசான ரகத்தை அவர் தொடவே இல்லை. 11 திரும்பிப் போயின.

ஒன்பதாம் நாள் பிரித்தார்கள். மேலிருந்து கீழாக, தனக்கு மேலே இருந்த பைப்பெல்லாம் இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு ஜன்னல் பைப்பையும் கழற்றினார்கள். கடையில் எண்ணினால் ஃபிக்ஸட் 140. குறைந்த இரண்டுக்கும் பணம் கேட்டார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பழைய பூச்சுக் குவியலை மண்வெட்டியால் கிளறினேன். ஒன்று கிடைத்தது.