பெண்களின் ஆயுள் ஏன் கூடுதலாக இருக்கிறது?

திண்டிவனம், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் கணவரை இழந்து தனித்து வாழும் மூதாட்டிகளை நிறையக் காண்கிறோம். மனைவியை இழந்து வாழும் முதியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. மணமகன் பெரும்பாலும் மணமகளைவிட வயதில் மூத்தவராக இருப்பது இதற்கு ஒரு காரணம். பெண்களின் சராசரி ஆயுள் கூடுதலாக இருப்பது மற்றொரு காரணம். 2016–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இந்திய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 68.6 ஆண்டுகள், பெண்களுடையது 71.4 ஆண்டுகள்.

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. 1970–75இல் ஆண்கள் 50.5 ஆண்டுகளும் பெண்கள் 49 ஆண்டுகளும் வாழ்ந்தனர். பேறுகால மரணங்களும், பெண் குழந்தைகளின் உணவிலும் மருத்துவத்திலும் காட்டப்பட்ட பாகுபாடும் பெண்ணின் இயற்கையான வலிமையை மறைத்திருந்தன. அவை குறையத் தொடங்கிய பின்னரே, 1980களில், பெண்கள் முந்தினர்.

அந்த இயற்கை வலிமையின் அளவு என்ன? ஜெர்மனியின் பவேரியாவில் கிறித்தவத் துறவியர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆயுளை ஆய்வாளர் மார்க் லூய் கணக்கிட்டார். மடங்களில் ஆண், பெண் இருபாலாரின் உணவும் உழைப்பும் ஏறத்தாழ ஒரே வகையானவை. அங்கே பெண் துறவியர் சுமார் ஓராண்டு மட்டுமே கூடுதலாக வாழ்ந்தனர். ஆக, வெளியுலகில் காணப்படும் இடைவெளியின் பெரும்பகுதி வாழும் முறையால் விளைகிறது.

நம் பகுதியில் அந்த வாழும் முறை பீடி, மது, சாலை என மூன்றாகப் பிரியும். தமிழகத்தில் ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. இந்தியச் சாலை விபத்துகளில் இறப்போரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை கடந்து செல்லும் நம் ஊர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இதய நோயில் இயற்கையும் பழக்கமும் இணைகின்றன. மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் பெண்ணின் இரத்தக் குழாய்களைக் காக்க உதவுகிறது. எனவே முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் தாமதமாக வருகிறது. ஆனால் நீரிழிவு இந்தப் பாதுகாப்பைப் பெரிதும் அழித்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணவருக்கு வயது 56, பீடி புகைக்கிறார். மனைவிக்கு 52, பத்தாண்டுகளாக நீரிழிவு. கணவருக்கு நெஞ்சு வலித்தால் குடும்பமே விரைகிறது. மனைவிக்கு மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு, குமட்டல், தாடை அல்லது முதுகில் வலி என்று தோன்றினால் "வாயு" என்று இஞ்சிச் சாறு கொடுக்கிறார்கள். அதுவும் மாரடைப்பாக இருக்கலாம். இருவருக்கும் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும், 108ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

கணவர் பீடியை முற்றிலும் விட்டுவிட்டால், புகையால் கூடிய இதய நோய் அபாயம் ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறையும். மனைவியின் ஆயுள் அவரது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதைப் பொறுத்தது. பெண் என்பதற்காக அவருக்கு அந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட இடமில்லை.